‘செல்வம் அப்பா’ என்றால் யார்? கணவர் பெயரைச் சொல்லாத வழக்கமும் ஆங்கிலத்தில் அது படும் பாடும்

புக்கிட் செந்தோசா, புக்கிட் பெருந்தோங், பத்தாங் காலி வட்டாரத் தாமான் வீடுகளில் இன்று குடியிருக்கும் பாட்டிமார் பலர், உலு சிலாங்கூர், கோல சிலாங்கூர் தோட்டங்களில் பால் வெட்டிப் பிள்ளை வளர்த்துவிட்டுப் பின்னர் பட்டணம் வந்தவர்கள். ஐம்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த கணவரின் பெயரை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லாதவர்கள் அவர்களில் உண்டு. அவர் இறந்த பிறகும் சொல்வதில்லை. ‘ஏங்க’, ‘செல்வம் அப்பா’, ‘அவங்க’, ‘எங்க வீட்டுக்காரரு’ என்ற சொற்களாலேயே ஒரு முழு வாழ்க்கையைப் பேசி முடித்துவிடுவார்கள்.

தமிழ் கேட்டு வளர்ந்தவருக்கு இதில் குழப்பம் இல்லை. யாரைப் பற்றிய பேச்சு என்று காது தானே கண்டுகொள்ளும். சிக்கல், இந்தப் பேச்சு ஆங்கிலத்துக்குப் போகும்போது தொடங்குகிறது. பாட்டியின் தோட்டத்துக் கதையைப் பேரப்பிள்ளை பதிவு செய்து ஆங்கிலத்தில் எழுதுகிறது. மருத்துவமனையில் தாதி கேட்கும் கேள்விக்கு மகள் மொழிபெயர்க்கிறாள். போலீஸ் புகாரோ நீதிமன்ற வாக்குமூலமோ மொழிபெயர்ப்பாளர் வழியாகப் போகிறது. இந்த இடங்களில் கணவர் வேறோர் ஆளாக மாறிவிடலாம், ஒருவர் பலராகிவிடலாம், சில நேரம் வீட்டு உரிமையாளராகவே ஆகிவிடலாம்.

கூப்பிடும் சொல் வேறு, குறிப்பிடும் சொல் வேறு

முதலில் இரண்டு வகைச் சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கணவரை நேரில் கூப்பிடும் சொல் ஒன்று. அவரைப் பற்றிப் பிறரிடம் பேசும் சொல் இன்னொன்று.

நேரில் கூப்பிட ‘ஏங்க’, ‘என்னங்க’, ‘இங்க பாருங்க’ என்பவை பொதுவானவை. ‘என்னங்க’ என்பதில் ‘என்ன’ என்ற கேள்விச் சொல்லோடு ‘ங்க’ என்ற மரியாதை ஒட்டு சேர்ந்திருக்கிறது. ஆனால் யாரும் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்வதில்லை. தோட்டத்து லயத்தில் பத்து ஆண்கள் உட்கார்ந்திருந்தாலும், ஒரு வாசலிலிருந்து ‘ஏங்க’ என்ற குரல் வந்தால் எழுந்து வருபவர் ஒருவர்தான். குரலே பெயராகிவிடுகிறது. முறைப்பெண்ணை மணந்த குடும்பங்களில் ‘மாமா’, ‘அத்தான்’ என்ற உறவுச் சொற்களும் உண்டு. திருமணத்துக்கு முன்பே வழங்கிய முறை, திருமணத்துக்குப் பிறகும் தொடர்கிறது. உறவில் மணக்காதவர்களும் இச்சொற்களை எடுத்துக்கொண்டார்கள்.

பிறரிடம் பேசும்போது ‘அவரு’, ‘அவங்க’, ‘எங்க வீட்டுக்காரரு’, ‘எங்க ஆளு’ என்பார்கள். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தும் சொல் மாறும். பிள்ளையிடம் பேசினால் ‘அப்பா’, பேரப்பிள்ளையிடம் ‘தாத்தா’, மாமியாரிடம் ‘உங்க மகன்’.

கணவர் மனைவியைக் கூப்பிடும்போது இந்தத் தடை அவ்வளவு கடுமையாக இல்லை. பெயர் சொல்லலாம், ‘இந்தா’, ‘ஏ புள்ள’ என்றும் சொல்லலாம். பிறரிடம் பேசும்போதுதான் அவரும் மறைப்பார். ‘சம்சாரம்’, ‘செல்வம் அம்மா’ என்பதோடு, ‘வீட்டுல’ என்ற ஒரு சொல்லும் உண்டு. ‘வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்’ என்று ஒருவர் சொன்னால், வீட்டில் உள்ள எல்லாரையும் கேட்கப் போகிறார் என்று பொருளில்லை. மனைவியைக் கேட்கப் போகிறார். இடத்தைச் சுட்டும் சொல் இங்கே ஆளைச் சுட்டுகிறது.

இன்னொரு வேறுபாடு வினைச்சொல்லின் முடிவில் இருக்கிறது. மனைவி கணவரிடம் ‘வாங்க’ என்பார், கணவர் மனைவியிடம் ‘வா’ என்பார். பெயர் சொல்லாமை ஒருபக்கத் தடை என்பதை இந்தச் சிறிய ஒட்டு வேறுபாடும் காட்டுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘கம்’ ஒன்றுதான்.

பிள்ளையின் பெயரில் ஒளிந்த பெற்றோர்

‘செல்வம் அப்பா’ போன்ற அழைப்பு தமிழரிடம் மட்டும் உள்ளதன்று. பிள்ளையின் பெயரை வைத்துப் பெற்றோரைச் சுட்டும் இந்த வழக்கத்துக்கு எட்வர்ட் டைலர் என்ற ஆங்கில மானுடவியலாளர் 1889ஆம் ஆண்டு ‘டெக்னானிமி’ என்று பெயர் வைத்தார். பிள்ளை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து உருவாக்கிய பெயர் அது. பாலித் தீவில் பிள்ளை பிறந்ததும் பெற்றோரின் சொந்தப் பெயர் பின்னுக்குப் போய், ‘இன்னாரின் தந்தை’, ‘இன்னாரின் தாய்’ என்பதே ஊர் வழங்கும் பெயராகிவிடும்.

தமிழ்க் குடும்பத்தில் இது பெரும்பாலும் தலைப்பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் கல்யாணமாகி முதல் பிள்ளை பிறக்கும் வரை மனைவிக்குக் கணவரைச் சுட்ட வசதியான ஒரு பெயர் இல்லை. ‘அவரு’, ‘இவரு’ என்று கையால் திசையைக் காட்டியே காலம் தள்ளுவார். பிள்ளை பிறந்து பெயர் வைத்தபின் அந்தத் திண்டாட்டம் தீர்கிறது.

மலாய்க்காரர்களிடமும் நெருக்கமான வழக்கங்கள் உண்டு. மனைவி கணவரை ‘அபாங்’ என்பார். அண்ணனுக்கும் அதே சொல்தான். கணவர் தம் மனைவியைப் பிறரிடம் ‘ஓராங் ரூமா’, அதாவது வீட்டு ஆள், என்பார். நம் ‘வீட்டுல’ என்பதன் அண்டை வீட்டுச் சொல் இது. ஜப்பானியரும் தம் மனைவியை ‘கனாய்’ என்று குறிப்பிடுவதுண்டு. வீட்டுக்குள் என்பதே அதன் நேர்ப்பொருள். அரசாங்கப் பாரங்களில் வரும் ‘நாமா சுவாமி’ என்பதில் உள்ள ‘சுவாமி’யும், கோயிலில் நாம் சொல்லும் சுவாமியும் ஒரே சமஸ்கிருத வேரிலிருந்து வந்தவை. தலைவன் என்பதே அதன் பொருள்.

ஏன் சொல்வதில்லை?

பெயர் சொன்னால் கணவரின் ஆயுள் குறையும் என்பது பெரியவர்கள் சொல்லும் காரணம். மரியாதை என்பது இன்னொரு காரணம். பெரியவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கணவரையும் பெரியவர் வரிசையில் வைத்தார்கள். கூட்டுக்குடும்பத்தில் மாமியாரும் மாமனாரும் காதில் கேட்கும் தூரத்தில் இருந்தது மூன்றாவது காரணம். மகனின் பெயரை மருமகள் கூப்பிட்டால் அது துடுக்காகவே பார்க்கப்பட்டது.

கட்டுப்பாடு மிகுந்த வீடுகளில் பெயரோடு நிற்காமல், அந்தப் பெயர் ஒலிக்கும் வேறு சொல்லுக்கும் தடை பரவியது. கணவர் பெயர் பழனி என்றால் ஊரையும் அந்தப் பெயரால் சொல்லாமல் ‘முருகன் இருக்கிற மலை’ என்பார்கள். கட்டாயம் சொல்ல வேண்டி வந்தால் விடுகதை போடுவார்கள். ஆறுமுகம் என்ற பெயருக்கு ‘அஞ்சுக்கு அடுத்தது’ என்று சொல்லிவிட்டு முகத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளை பெயரைச் சொல்லிவிடும், அம்மா தலையை ஆட்டுவார்.

இந்தப் பரவலின் எல்லையை வேறு நாடுகளில் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவின் சூலு, கோசா இனங்களில் மணமான பெண்கள் மாமனார் போன்ற கணவர் வீட்டு மூத்தோரின் பெயரைச் சொல்வதில்லை. அப்பெயரில் உள்ள அசை வரும் மற்றச் சொற்களையும் தவிர்த்து, அவற்றுக்கு மாற்றுச் சொற்களை வழங்கினார்கள். ‘ஹ்லோனிபா’ என்பது அந்த வழக்கத்தின் பெயர். எத்தியோப்பியாவின் கம்பாட்டா பெண்கள், மாமனார் மாமியார் பெயர் தொடங்கும் அதே அசையில் தொடங்கும் சொற்களைத் தவிர்ப்பார்கள். மகாராஷ்டிராவிலோ இந்தத் தடையே ஒரு விளையாட்டாகிவிட்டது. கல்யாணத்தன்று புதுப்பெண்ணிடம் ‘பெயரைச் சொல்’ என்று எல்லாரும் வற்புறுத்துவார்கள். அவள் கணவர் பெயரை ஓர் எதுகைப் பாட்டுக்குள் வைத்துச் சொல்வாள். அதற்கு ‘உகாணா’ என்று பெயர்.

பெரட்டில் ஒலித்த பெயர்

தோட்டத்துப் பெண்களின் நிலையில் கவனிக்க வேண்டிய ஒரு வேறுபாடு உண்டு. கணவர் பெயரைச் சொல்லாத பெண்ணின் சொந்தப் பெயர் தோட்டத்தில் மறைந்துவிடவில்லை. பால்வெட்டுக்காரி தன் பெயரிலேயே செக்ரோலில் இருந்தாள். விடியற்காலைப் பெரட்டில் கிராணி அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டார், சம்பளமும் அந்தப் பெயருக்குத்தான் வந்தது. 1948இல் அவசரகாலத்தின்போது பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு அடையாள அட்டை வந்தபோதும் அவளுக்கென்று தனி அட்டை, தனிப் பெயர். அட்டையில் பெயருக்குப் பின்னால் ‘அனாக் பெரும்புவான்’ என்பதன் சுருக்கமும் தகப்பன் பெயரும் வரும். கணவர் பெயர் அதில் வராது.

இந்தியாவில் நடந்தது வேறு. 1951–52இல் முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எழுதப் போனபோது, வட இந்தியாவின் பல பகுதிகளில் பெண்கள் தங்கள் சொந்தப் பெயரையே சொல்ல மறுத்தார்கள். ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் அம்மா’ என்றே பதிவானார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளர்களில் சுமார் 28 லட்சம் பேரின் பதிவு நீக்கப்பட்டது. பெயருக்குப் பதிலாக உறவைச் சொன்னதால் வாக்குரிமையே போனது.

நம் தோட்டங்களில் அப்படி நேரவில்லை. இங்கே சிக்கல் மற்ற முனையில் இருக்கிறது. அவள் பெயர் பதிவில் உண்டு. அவள் வாயிலிருந்து கணவர் பெயர்தான் வராது. அவள் சொன்ன கதையில் அவர் எங்கே இருக்கிறார் என்பதை மொழிபெயர்ப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஐந்து வாக்கியங்களில் ஒரு கணவர்

தோட்டத்து லயங்களில் பல வீடுகளில் கேட்டிருக்கக்கூடிய ஒரு பேச்சை எடுத்துக்கொள்வோம். பெயர்கள் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. பாட்டி பேத்தியிடம் சொல்கிறார்:

‘நானு “ஏங்க, மழ வருது, இன்னிக்கு வேணாங்க”ன்னேன். செல்வம் அப்பா கேக்கல. “நீ புள்ளயப் பாரு”ன்னுட்டு வாளியத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அப்பறம் பெரியப்பா வந்துதான் சொன்னாங்க, அவங்க ரோட்டுல விழுந்துட்டாங்கன்னு. அத்தான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாரு.’

சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் வைத்தால் என்ன ஆகும்? ‘செல்வம்ஸ் ஃபாதர்’ கேட்கவில்லை என்று வரும். ஆங்கிலத்தில் ஒரு பெண் ‘செல்வத்தின் அப்பா’ என்றால், அவர் அவளுடைய கணவர் அல்லர் என்றே வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். பக்கத்து வீட்டுக்காரராகவோ, பிரிந்துபோன கணவராகவோ தோன்றும். அடுத்து ‘போயிட்டாங்க’, ‘விழுந்துட்டாங்க’ என்பவற்றை ‘தே’ என்று எழுதினால் பலர் போய்ப் பலர் விழுந்ததாகிவிடும். மரியாதைப் பன்மை எண்ணிக்கையாக மாறிவிட்டது. ‘பெரியப்பா’ ‘அங்கிள்’ ஆனால் அவர் பாட்டியின் மாமா ஆகிவிடுவார். உண்மையில் அவர் கணவரின் அண்ணன். பிள்ளை கூப்பிடும் முறையிலேயே பாட்டியும் அவரைச் சொல்கிறார்.

இதற்குப் பயந்து எல்லா இடத்திலும் கணவர் பெயரைப் போட்டுவிடுவது இரண்டாவது வழி. ‘முனியாண்டி கேக்கல, முனியாண்டி போயிட்டாரு, முனியாண்டி விழுந்துட்டாரு’. ஆள் யாரென்று தெளிவாகிவிட்டது. ஆனால் வாழ்நாளெல்லாம் அவர் சொல்லாத பெயரை அவர் வாயில் மூன்றுமுறை திணித்தாயிற்று. பேசியவர் வேறொரு பெண்ணாகிவிட்டார். பதிவை வாசிக்கும் கொள்ளுப்பேரன், பாட்டி தாத்தாவைப் பெயர் சொல்லித்தான் அழைத்தார் என்று நம்பிவிடுவான்.

மூன்றாவது வழி ‘ஏங்க’ என்பதை ‘டியர்’ அல்லது ‘டார்லிங்’ ஆக்குவது. படங்களின் ஆங்கில வசன வரிகளில் இது அதிகம். ‘டார்லிங்’ கொஞ்சும் சொல். ‘ஏங்க’ கொஞ்சலுக்கும் வரும், கோபத்துக்கும் வரும், ‘அரிசி தீர்ந்துபோச்சு’ என்று சொல்லவும் வரும். நாலு பேர் முன்னால் கூச்சமில்லாமல் சொல்லலாம் என்பதே அதன் பயன். ‘டார்லிங்’ என்பதைத் தோட்டத்து லயத்தில் எந்த மாமியார் முன்னிலையிலும் சொல்லியிருக்க முடியாது.

சரியான வழி, ஒவ்வொரு சொல்லும் அந்த இடத்தில் செய்யும் வேலையைப் பார்ப்பது. இந்தப் பேச்சில் கேட்பவர் பேத்தி. ஆகவே ‘செல்வம் அப்பா’ என்பதை ‘யுவர் கிராண்ட்ஃபாதர்’ என்று எழுதலாம். கேட்பவரின் உறவைக் கொண்டு சுட்டுவது ஆங்கிலத்துக்கும் இயல்பு. பெயரும் வரவில்லை, ஆளும் மாறவில்லை. பதிவின் தொடக்கத்திலேயே, செல்வம் மூத்த மகன் என்றும் பாட்டி கணவரை ‘செல்வம் அப்பா’ என்றே சொல்வார் என்றும் ஒரு வரி எழுதிவிட்டால், அடுத்த பக்கங்களில் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்ளவும் முடியும்.

‘போயிட்டாங்க’, ‘அவங்க’ இரண்டும் ‘ஹி’ ஆக வேண்டும். ஒருமையா பன்மையா என்ற ஐயம் வந்தால் ‘எத்தனை பேர்?’ என்று பாட்டியிடம் கேட்பதே முறை. ‘பெரியப்பா’ என்பதை ‘ஹிஸ் எல்டர் பிரதர்’ என்று விரிக்க வேண்டும். ‘ஏங்க’ என்பதை முதல்முறை அப்படியே விட்டு, கணவரைப் பெயர் சொல்லாமல் மரியாதையாகக் கூப்பிடும் சொல் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். விட மனமில்லை என்றால் ‘லிஸன்’ என்று தொடங்கலாம். வெறும் ‘லிஸன்’ ஆங்கிலத்தில் அதட்டலாக ஒலிக்கும் என்பதால், ‘வேணாங்க’ என்பதில் உள்ள ‘ங்க’வை வாக்கியக் கடைசியில் ‘ப்ளீஸ்’ என்று ஈடுசெய்ய வேண்டும். ‘லிஸன், இட்ஸ் கோயிங் டு ரெயின், டோன்ட் கோ டுடே, ப்ளீஸ்’ என்றால் மரியாதை ஓரளவு வந்துவிடும். அவர் பதிலில் ‘ப்ளீஸ்’ இருக்கக் கூடாது. ‘யூ மைண்ட் தி சைல்ட்’ என்ற வெட்டு வாக்கியம் ‘நீ’ என்பதன் இடத்தை நிரப்பும்.

மிஞ்சியது ‘அத்தான்’. இதுதான் மிகவும் ஆபத்தான சொல். கணவராகவும் இருக்கலாம், அக்காள் கணவராகவும் இருக்கலாம், அத்தை மகனாகவும் இருக்கலாம். இந்தப் பேச்சில் விழுந்தவர் கணவர் என்பதால், தூக்கிப் போனவர் கணவராக இருக்க முடியாது. மற்ற இரண்டில் எது என்பதைச் சொற்கள் சொல்லவில்லை. ‘எந்த அத்தான் பாட்டி?’ என்று கேட்டால் ‘ரவாங் அக்கா வீட்டு அத்தான்’ என்பது போல ஒரு பதில் வரும். ஊகித்து எழுதுவதைவிட அந்த ஒரு கேள்வி மேல்.

ஆங்கிலத்துக்கும் இது புதிதன்று

ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில், ஐந்து மகள்களைப் பெற்ற திருமதி பென்னட், கணவரை ‘மிஸ்டர் பென்னட்’ என்றே அழைக்கிறார். அவருடைய முதற்பெயர் நாவல் முழுவதும் வருவதே இல்லை. ஆகவே பெயர் சொல்லாத மனைவி ஆங்கில வாசகருக்கு முற்றிலும் அந்நியமானவர் அல்லர்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவற்றில் பெயரின்மையை அழகாகக் கையாண்ட முன்மாதிரியும் உண்டு. சங்க அகப்பாடல்களில் காதலர் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. இது கணவர் பெயர் சொல்லாத வழக்கம் அன்று, கவிதை மரபு. ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கு எழும் கேள்வி ஒன்றே: பெயரில்லாதவரை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ஏ.கே. ராமானுஜன் 1967இல் வெளியிட்ட குறுந்தொகை மொழிபெயர்ப்பு நூலில் பெயர் எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை. ‘தலைவி கூற்று’ என்பதை ‘வாட் ஷி செட்’ என்று தலைப்பாக வைத்தார். யார் யாரிடம் பேசுகிறார் என்பதைத் தலைப்பு சொல்லிவிடுகிறது, பாட்டுக்குள் ‘ஹி’, ‘ஷி’ போதுமாகிறது. பாட்டியின் பேச்சுக்கும் இதே வழி பயன்படும். யாரிடம், எந்த இடத்தில் பேசினார் என்பதை மேலே எழுதிவிட்டால், உள்ளே பெயரைச் செருக வேண்டியதில்லை.

பாரமும் புகாரும்

கதையில் பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ளலாம். அதிகாரப் பதிவில் நேர்ந்தால் விளைவு பெரிது. இதற்கு ‘வீட்டுக்காரர்’ என்ற சொல்லே போதுமான சான்று. அது கணவரையும் குறிக்கும், வாடகைக்கு வீடு விட்டவரையும் குறிக்கும். ‘வீட்டுக்காரரு அடிச்சிட்டாரு, வெளிய போகச் சொல்லிட்டாரு’ என்று ஒரு பெண் சொல்வதை, வீட்டு உரிமையாளர் என்று மொழிபெயர்த்தால் வாடகைத் தகராறாகிவிடும். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் கணவன் மனைவி, முன்னாள் கணவன் மனைவி, குடும்ப உறுப்பினர் ஆகியோரிடையே நடப்பதைத்தான் பார்க்கும். வீட்டு உரிமையாளர் அதற்குள் வரமாட்டார். ஒரு சொல் தவறினால், அவளுக்குக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பு உத்தரவின் கதவே மூடிக்கொள்ளலாம். ‘வீட்டுக்காரர்’ என்று கேட்டதும், ‘நீங்க கல்யாணம் பண்ணினவரா, வீடு வாடகைக்கு விட்டவரா?’ என்று கேட்டுவிடுவது நல்லது.

இரண்டு மொழி தாண்டும்போது இன்னொரு பிழை காத்திருக்கிறது. தமிழில் சொன்ன ‘அத்தான்’ மலாயில் ‘அபாங்’ ஆகலாம். அது பொருத்தமான சொல்தான். ஆனால் அந்த மலாய்க் குறிப்பை வைத்து ஒருவர் ஆங்கிலத்தில் எழுதும்போது ‘அபாங்’ ‘பிரதர்’ ஆகிவிடலாம். கணவர் அண்ணனாகிவிட்டார். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. எழுதி முடித்த ஆங்கிலப் பதிவில் கணவர் எத்தனை இடத்தில் வருகிறார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் தொடக்கத்தில் வந்து நடுவில் காணாமல் போய், அதுவரை இல்லாத ஓர் அண்ணனோ மாமாவோ திடீரென்று முளைத்திருந்தால் அங்கே சொல் மாறியிருக்கிறது என்று பொருள்.

பெயரையே கேட்க வேண்டிய இடத்தில் வற்புறுத்துவதால் பயனில்லை. தயங்கும் மூதாட்டியைப் பதில் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்கள். அவசரத்தில் அவர் சொல்லும் ‘பெரியவரு’, ‘சின்னத்தம்பி அப்பா’ என்பதே பெயராகப் பாரத்தில் ஏறிவிடுவதும் உண்டு. தோட்டத்தில் வழங்கிய பட்டப்பெயர் ஒன்று, அடையாள அட்டைப் பெயர் வேறொன்று என்பதும் வழக்கம். பக்கத்தில் உள்ள உறவினர் பட்டப்பெயரைச் சொல்லிவிட்டால், பிற்பாடு இரண்டு பத்திரங்களில் இரண்டு பெயர் நிற்கும். ஆகவே கணவரின் அட்டையையோ, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையோ, 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த திருமணச் சட்டத்தின் கீழ் பெற்ற பதிவுச் சான்றிதழையோ கையில் எடுத்துப் போவது நல்லது. அதிலுள்ள எழுத்தைப் பார்த்தே பாரத்தை நிரப்பச் சொல்லலாம். எழுதத் தெரிந்தவர் தாமே எழுதிக் காட்டலாம். வாயால் சொல்லாத பெயரை எழுதிக் காட்டுவதில் பலருக்குத் தடை இல்லை.

நீதிமன்றத்திலும் வழி உண்டு. பதிலையே உள்ளடக்கிய கேள்வியைத் தம் தரப்புச் சாட்சியிடம் கேட்கக் கூடாது என்பது பொதுவிதி. ஆனால் அறிமுக விவரங்களுக்கும், மறுப்பில்லாத விவரங்களுக்கும் அப்படிக் கேட்க 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 142ஆம் பிரிவு இடம் தருகிறது. ‘உங்கள் கணவர் பெயர் என்ன?’ என்பதற்குப் பதில், ‘முனியாண்டி என்பவர் உங்கள் கணவரா?’ என்று வழக்கறிஞர் கேட்கலாம். ‘ஆமாங்க’ என்றால் பதிவு முழுமை அடைந்துவிடும்.

குறைந்து வரும் வழக்கம்

இன்று தாமான்களில் வளரும் இளம் தம்பதியர் பலர் ஒருவரையொருவர் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள். இது இந்தியாவிலும் விவாதமாகியிருக்கிறது. 2017இல் மகாராஷ்டிராவின் புனே மாவட்டக் கிராமம் ஒன்றில், பெண்கள் கூடி முதன்முறையாகக் கணவர் பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்த முயற்சி செய்தியானது. பெயர் சொல்லாமையை ஒடுக்குமுறை என்று பார்ப்பவரும் உண்டு, தம் உறவின் தனிமொழி என்று பார்க்கும் மூதாட்டியரும் உண்டு. மொழிபெயர்ப்பவர் இரண்டு பக்கத்துக்கும் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. ‘வாங்க’வும் ‘வா’வும் இருந்த வேறுபாட்டை மறைக்காமல் எழுதினாலே வாசிப்பவர் தாமே முடிவு செய்துகொள்வார்.

அந்தத் தலைமுறையின் பேச்சைப் பதிவு செய்ய நினைக்கும் குடும்பங்கள், ஒலிப்பதிவோடு ஒரு தாளையும் வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டி ஒவ்வொருவரையும் எந்தச் சொல்லால் சுட்டுகிறார் என்று இடப்பக்கம் எழுத வேண்டும். அவருடைய அட்டைப் பெயரும் பாட்டிக்கு அவர் என்ன உறவு என்பதும் வலப்பக்கம் வர வேண்டும். ‘செல்வம் அப்பா’, ‘பெரியப்பா’, ‘ரவாங் அத்தான்’ என்று பத்துப் பன்னிரண்டு வரி வரும். பெயரைப் பாட்டியிடம் கேட்க வேண்டாம், மூத்த பிள்ளை சொல்லும். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த பெரியப்பா எவர், அத்தான் எவர் என்பது அதற்கு அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. ஆகவே அந்தத் தாளை, பாட்டியும் மூத்த பிள்ளையும் ஒரே வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.